கோடு விழாத மூன்று மணி

எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது. ஒரு தடவை சொல்வேன். இரண்டாம் தடவை கேட்டால் குரல் ஏறிவிடும். மூன்றாம் தடவை கேட்க யாரும் எதிரில் இருக்கமாட்டார்கள். இந்த லட்சணத்தில், அறுபதுகளின் நடுவில், செம்பூரில் நான் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலைக்குப் புதிதாக ஒரு குமாஸ்தாவை எடுத்து, என் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். ஓவர்டைம் கணக்கும் நைட் ஷிப்ட் அலவன்ஸ் கணக்கும் அவருக்குப் பதினைந்து நாளில் வந்துவிட வேண்டும் என்று மானேஜரின் உத்தரவு.

வந்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். பட்டாளத்தில் ஸ்டோர் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தார். இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. என்னை "சார், சார்" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் என்னைச் சார் என்று கூப்பிட ஒரு பிராணி கிடையாது.

டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய ஒரு அறை. அதன் வெளிச்சுவரில் பஞ்ச் கடிகாரம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாரத்துக்கு ஒரு அட்டை. உள்ளே வரும்போது அட்டையைக் கடிகாரத்தின் வாயில் விட்டு நெம்புகோலைத் தட்டினால் மணி பதியும், போகும்போதும் அப்படியே. திங்கட்கிழமை காலை பழைய வாரத்து அட்டைகள் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வரும். அவற்றைப் பார்த்துத்தான் யாருக்கு எவ்வளவு என்று நான் எழுத வேண்டும். பட்டி என்று எல்லாரும் சொல்லும் கண்ணாடி உலை இரவு பகல் அணையாது. அதனால் மூன்று ஷிப்ட். காலை ஏழிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து மறுநாள் காலை ஏழு.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே, வராந்தா பெஞ்சில், காலை ஒன்பது மணியிலிருந்தே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். பட்டியில் பத்து வருஷமாக வேலை. டோக்கன் நம்பர் இருநூற்றுப் பதினாலு. பதினொரு மணிக்கு அவர்மேல் விசாரணை. ஷிப்டின் நடுவே பட்டியை விட்டுவிட்டு ஓடினார், அதோடு நிற்காமல் எட்டு மணி நேரம் ஓவர்டைம் செய்ததாகப் பொய்ச் சீட்டும் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. முந்தின வாரம் செவ்வாய் இரவு வேலைக்கு வந்தவரைக் கேட்டிலேயே நிறுத்தி சஸ்பென்ஷன் கடிதத்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்து மானேஜருக்குக் குறிப்பு எழுதியவன் நான்தான்.

எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஒருவன் அட்டையை இன்னொருவன் பஞ்ச் அடிக்கும் ஒரு கூட்டுக்களவாணித்தனத்தை நான் பிடித்துக் கொடுத்திருந்தேன். மானேஜர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. யாருடைய அட்டையை எடுத்தாலும் திருட்டு எங்கே என்றுதான் கண் தேடும்.

"பாருங்கோ" என்று புதியவருக்கு ஒரு பகல்காரர் அட்டையைக் காட்டி ஆரம்பித்தேன். "வரிசைக்கு ஒரு நாள். இடது பக்கம் உள்ளே வந்த மணி, வலது பக்கம் வெளியே போன மணி. இவர் ஆறு நாற்பதுக்கே வந்துட்டார். ஆனா எப்பலேர்ந்து எண்ணணும்?"

"ஏழிலேர்ந்து."

"அப்படித்தான். காண்டீன்ல சீக்கிரம் வந்து டீ குடிச்சா அதுக்கு நான் காசு போட முடியாது. அதே மாதிரி மூணு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு மூணு இருபதுக்குப் பஞ்ச் அடிச்சா அது குளிச்ச நேரம், அரட்டை அடிச்ச நேரம். பஞ்ச் மட்டும் இருந்தா ஓவர்டைம் ஆகாது. ஃபோர்மன் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். சீட்டு மட்டும் இருந்தாலும் ஆகாது, பஞ்ச் வேணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் எழுதணும். அரை மணி அரை மணியா எண்ணணும், அரை மணி முழுசா ஆகலேன்னா விட்டுடணும்."

"சாப்பாட்டு நேரம் சார்?"

"அரை மணி. இங்கே யூனியன் ஒப்பந்தப்படி அதுவும் எட்டு மணிக்குள்ளேயே சேர்த்தி. கழிக்க வேண்டாம்."

அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பட்டாளத்துக் கையெழுத்து, அணிவகுப்பு மாதிரி நின்றது. எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. சட்டத்தையும் எடுத்து விட்டேன். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனாலும், ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் போனாலும், மேலே போனதற்கு இரட்டைக் கூலி. வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் ஆரம்பிக்கும். நாள் கணக்கில் ஒரு தடவை எண்ணியதை வாரக் கணக்கில் மறுபடி எண்ணக்கூடாது. எட்டாம் மணிக்கும் ஒன்பதாம் மணிக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாரையும் குழப்பும். ஆறு நாளும் வந்திருந்தால் அது நாற்பத்தெட்டைத் தாண்டிவிடும், இரட்டை கிடைக்கும். நடுவில் ஒரு நாள் வராமல் இருந்தால் வாரம் நாற்பத்தெட்டைத் தொடாது, அந்த ஒரு மணிக்கு ஒற்றைக் கூலிதான்.

"இரட்டைன்னா எதுக்கு இரட்டை?" என்றார்.

நல்ல கேள்வி. சிலர் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் இரட்டிப்பார்கள், அது தப்பு. பஞ்சப்படியும் சேர வேண்டும், போனஸ் சேரக்கூடாது. "அடிப்படை எழுபத்தெட்டு, பஞ்சப்படி எழுபத்தெட்டு, ஆக நூற்று ஐம்பத்தாறு ரூபா. மாசத்துக்கு இருபத்தாறு வேலை நாள். வகுத்தா நாளைக்கு ஆறு ரூபா. எட்டால வகுத்தா மணிக்கு முக்கால் ரூபா. இரட்டிச்சா ஒண்ணரை ரூபா. வாய்ப்பாடு தெரிஞ்சா போதும், வித்தை ஒண்ணும் இல்லை."

"நைட் அலவன்ஸ் அந்த நூற்று ஐம்பத்தாறுல சேருமா சார்?"

"அதை யூனியனும் ஆபீசும் மல்லுக்கட்டிண்டிருக்கா. தீரும்போது தீரட்டும். இப்போதைக்குச் சேர்க்கலை."

இவ்வளவும் நன்றாகப் போனது. இரவு ஷிப்ட் அட்டையை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. எல்லாருக்கும் அப்படித்தான். கடிகாரம் நள்ளிரவில் தானாக அடுத்த நாள் வரிசைக்கு இறங்கிவிடும். திங்கள் இரவு பதினொன்றுக்கு உள்ளே வந்தவரின் வரவு திங்கள் வரிசையில் விழும், காலை ஏழுக்குப் போனது செவ்வாய் வரிசையில் விழும். அதே செவ்வாய் வரிசையில் இரவு வரவும் விழும். ஒரே வரிசையை நேராகப் படித்தால், காலை ஏழுக்குப் போய் இரவு பதினொன்றுக்கு வந்த அதிசயப் பிறவி ஒருவர் தெரிவார்.

"நேரா படிக்கக்கூடாது. மாடிப்படி இறங்கற மாதிரி. திங்கள் வரவு, செவ்வாய் போக்கு. செவ்வாய் வரவு, புதன் போக்கு. நள்ளிரவுக்கு அப்புறம் வேலை செஞ்சது முந்தின நாள் கணக்கு. அதை ரெண்டா வெட்டினா ஒரு நாளும் ஒன்பது மணியைத் தாண்டாது, அந்த மனுஷனுக்கு ஓவர்டைமே கிடைக்காது. வாரக் கடைசி, சனி ராத்திரி வந்தவன் ஞாயிறு காலை ஏழுக்குப் போனாலும் எட்டு மணியும் சனிக்கிழமைதான். அவனுக்கு லீவு ஞாயிறு காலை ஏழிலேர்ந்து இருபத்துநாலு மணி நேரம்."

"நைட் அலவன்ஸ்?"

"ராத்திரிக்கு ஐம்பது பைசா. ஷிப்ட் முழுக்க நின்னிருக்கணும், அட்டையில ரெண்டு பஞ்சும் இருக்கணும். நடுவுல போனா கிடையாது. பஞ்ச் இல்லாத ராத்திரிக்கும் கிடையாது, என்ன காரணமானாலும் சரி."

"காலையிலயும் தொடர்ந்து நின்னுட்டா?"

"அதுக்கு ஓவர்டைம் இருக்கே. ராத்திரி ஒண்ணு, அலவன்ஸ் ஒண்ணு."

பிறகுதான் அந்த அட்டையை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என் கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே. இருநூற்றுப் பதினாலின் அட்டை, விசாரணைக்காக என் மேஜையில் தயாராக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் அதன் சொந்தக்காரரின் பின்தலை தெரியும். குரலைத் தணித்துக்கொண்டேன்.

"திருட்டு எப்படிப் பிடிக்கறதுன்னு பாருங்கோ. எங்க கடிகாரத்துல பன்னிரண்டு மணி எண்தான். காலை மணி வெறும் எண்ணா விழும். மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல நள்ளிரவு வரைக்கும் எண்ணுக்கு அடியில ஒரு கோடு விழும். புதன் ராத்திரி வரவு, பத்து ஐம்பத்திரண்டு, அடியில கோடு. சரி. வியாழன் வரிசையில போக்கு, மூணு ஆறு. கோடு எங்கே?"

அவர் குனிந்து பார்த்தார். "இல்லை சார்."

"இல்லை. அப்படின்னா விடியக்காலம் மூணு மணி ஆறு நிமிஷம். பதினொண்ணுக்கு வந்தவர் மூணு மணிக்குப் பட்டியை அம்போன்னு விட்டுட்டு நடையைக் கட்டிட்டார். ஆனா சீட்டைப் பாருங்கோ. காலை ஏழிலேர்ந்து மத்தியானம் மூணு வரைக்கும் எட்டு மணி ஓவர்டைம், காரணம், மாற்று ஆள் வரவில்லை. பகல் ஃபோர்மன் கையெழுத்து. அவர் படிச்சுப் பாக்காமலே போட்டிருப்பார், சனிக்கிழமையே லீவுல ரத்னகிரிக்குப் போயாச்சு, கேக்கவும் முடியாது."

"இவர் என்ன சொல்றார்?"

"என்ன சொல்லுவார்? மத்தியானம் மூணு வரைக்கும் பட்டி முன்னாலேயேதான் நின்னேன்னு கேட்டில நின்னு கத்தினார். கூட வேலை செய்யறவா ரெண்டு பேர் ஆமாம்னு எழுதிக் கொடுத்திருக்கா. எல்லாம் ஒரே சந்துக்காரா. கார்டு பொய் சொல்லாது."

புதியவர் அட்டையை மேஜையில் வைத்தார். "விடியக்காலம் மூணு மணிக்குக் கேட்டைத் தாண்டணும்னா பாஸ் வேணாமா சார்?"

"வாட்ச்மேன் தூங்கியிருப்பான்" என்றேன். எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. வந்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை, குறுக்கு விசாரணை செய்கிறார். பகல் ஷிப்ட் அட்டைக் கட்டு ஒன்றை அவர் முன்னால் தள்ளி, "நீங்க இதைப் போட்டுப் பழகுங்கோ. போன வாரத்துக்கு முந்தின வாரத்துது. நான் போட்ட கணக்கோட ஒத்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு டீக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒன்பதே முக்கால். அவர் பூதக்கண்ணாடியை வெளியே எடுத்து, ஏழெட்டு அட்டைகளை மேஜைமேல் வரிசையாகப் பரப்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தப் பட்டாளப் பழக்கம் அவரை விடவேயில்லை.

"சார், ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க."

"என்ன?"

"இவங்கல்லாம் முதல் ஷிப்ட். காலையில ஏழுக்கு வந்து மத்தியானம் மூணுக்குப் போனவங்க. திங்கள், செவ்வாய், புதன் எல்லாத்துலயும் மூணு மணிக்கு அடியில கோடு இருக்கு. வியாழன்ல மட்டும் ஒருத்தருக்கும் இல்லை. நீங்க சொன்ன மாதிரி பார்த்தா, இத்தனை பேரும் காலையில ஏழு மணிக்கு வந்துட்டு, அன்னிக்கு விடியக்காலம் மூணு மணிக்கே போயிருக்காங்க. வர்றதுக்கு முன்னாடியே போயிருக்காங்க."

நான் அட்டைகளைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று இரண்டு, மூன்று நாலு, மூன்று ஏழு. கோடு இல்லை. இன்னொரு கட்டை அவிழ்த்தேன். இரண்டாம் ஷிப்ட்காரர்களின் வியாழன் வரவு, இரண்டு ஐம்பத்தைந்து, கோடு இல்லை. இரவுப் போக்கு பதினொன்று இரண்டு, அதற்கும் இல்லை. இருநூற்றுப் பதினாலின் அட்டையிலேயே வியாழன் இரவு வரவுக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடு திரும்ப வந்துவிட்டது, தெளிவாக, கருநீலத்தில். இந்த அட்டைகளை எல்லாம் போன வாரம் நானேதான் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். பகல்காரன் மூன்று மணிக்குப் போனான் என்றால் மத்தியானம்தானே, அடியில் கோடு இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்? கோட்டைத் தேடிப் பார்த்தது ஒரே ஒரு அட்டையில், அதிலும் ஒரே ஒரு மணிக்குத்தான்.

அப்புறம் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடிகாரத்தைத் திறந்து மை ரிப்பனைப் புரட்டிப் போட்டவன் நான். புது ரிப்பன் கேட்டால் ஸ்டோரில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, தேய்ந்த ரிப்பனையே மேல் கீழாக மாற்றி மாட்டினேன். அது கொஞ்சம் ஏறி உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. எண்கள் விழுந்தன, அவற்றின் அடி விளிம்பும் கோடும் விழவில்லை. வெள்ளி காலை, எழுத்தெல்லாம் அடியில் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறதே என்று நானே மறுபடி திறந்து இறக்கி வைத்தேன். இறக்கி வைத்ததோடு மறந்தும் போனேன்.

புதியவர் இன்னொரு அட்டையை நீட்டினார். பட்டியில் முதல் ஷிப்டுக்கு இருநூற்றுப் பதினாலை மாற்றிவிட வேண்டிய ஆளுடையது. வியாழன் வரிசை வெறுமையாக இருந்தது. மாற்று ஆள் வரவில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது அட்சரம் பிசகாத உண்மை. இதையும் நான் போன வாரம் பார்த்து, ஒரு நாள் ஆப்சென்ட் என்று மஸ்டரில் எழுதி, அந்தண்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்திருந்தேன்.

"உங்களை யார் இதெல்லாம் பாக்கச் சொன்னா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் சார், ஒத்துப் பாருங்கன்னு."

கத்தின சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர் திரும்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். தூங்காத கண்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து நிமிஷம் என் மனசு எங்கெங்கோ போனது. பேசாமல் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிடலாம். பகல் அட்டைகளை யார் கேட்கப்போகிறார்கள்? ரிப்பன் விஷயம் எனக்குத்தான் தெரியும். ஏப்ரலில் எனக்கு இன்கிரிமென்ட் வரவேண்டும். குறிப்பு எழுதியவனே குறிப்பு தப்பு என்று போய் நின்றால் மானேஜர் என்ன சொல்வார்? அதே சமயம், பதினாறு மணி நேரம் அந்த அனலில் நின்ற மனுஷன் வெளியே உட்கார்ந்திருக்கிறாரே, நாளைக்கு அவர் வேலைக்கு எங்கே போவார் என்றும் ஓடியது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தோன்றியது. புதியவர் அட்டைகளை நம்பர் வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

பத்தரை மணிக்கு அட்டைகளோடு மானேஜர் அறைக்குப் போனேன். அவர் மராட்டிக்காரர், வெடுக்கென்று பேசுவார். அட்டைகளை வரிசையாகப் பரப்பிக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன், மாற்று ஆளின் வெற்று வரிசையைக் காட்டினேன். அவருக்கு விளங்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கல்தி கிஸ்கி ஹை?" என்றார். தப்பு யாருடையது.

"ரிப்பன் சார்" என்றேன்.

இதுதான் என் வாயிலிருந்து வந்தது. ரிப்பன் தேய்ந்துவிட்டது, அடி விளிம்பு பதியவில்லை. யார் மாட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பெல்லை அடித்து, ஸ்டோரிலிருந்து புது ரிப்பன் ஒரு டஜன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். குற்றச்சாட்டை ரத்து செய்து கடிதம் தயாரானது. சஸ்பென்ஷனில் இருந்த நாட்களை வேலை செய்த நாட்களாகக் கருதி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி.

கடிதத்தைப் பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்தது.

"என்ன போட்டிருக்குங்கய்யா?"

"உங்கமேல தப்பு இல்லைன்னு போட்டிருக்கு. இன்னிக்கு ராத்திரி வேலைக்கு வரலாம்."

"அது நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றார். கோபமாகக்கூட இல்லை. "வீட்டுல அவ ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. போய்ச் சொல்லுதேன்." எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். சயானுக்குப் போகும் பஸ் வந்து நின்றது, அதில் ஏறினார்.

அவர் போனதும் புதியவர் நோட்டைத் திறந்து, "இப்ப இவர் கணக்கை நான் போடட்டுமா சார்?" என்றார். போடச் சொன்னேன். புதன் இரவு பதினொன்றிலிருந்து வியாழன் மத்தியானம் மூன்று வரை பதினாறு மணி, எல்லாம் புதன் கணக்கு. நாள் கணக்கில் ஒன்பது போக ஏழு. அந்த வாரம் ஆறு இரவும் வந்திருந்ததால் மொத்தம் ஐம்பத்தாறு, வாரக் கணக்கில் நாற்பத்தெட்டு போக எட்டு. அதில் ஏழு ஏற்கெனவே எண்ணியாயிற்று, மிச்சம் ஒன்று. ஆக எட்டு மணிக்கு ஒன்றரை ரூபாய் வீதம் பன்னிரண்டு ரூபாய். மூன்று மணிக்கு மேல் இருந்த ஆறு நிமிஷத்தை விட்டுவிட்டார். ஆறு இரவுக்கு அலவன்ஸ் மூன்று ரூபாய். ஒரு பிசகும் இல்லை. இரண்டாம் நாளிலேயே! நான் படித்துக்கொள்ள மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு பேனாவை மூடிவிட்டு அடுத்த வாரத்து அட்டையை எடுத்தார். "சஸ்பென்ஷன்ல இருந்தது செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, நேத்து திங்கள். அதுவும் ஆறு ராத்திரி. சம்பளமும் பஞ்சப்படியும் கடிதத்துல இருக்கு. நைட் அலவன்ஸ் பத்தி ஒண்ணும் இல்லை. எழுதணுமா சார்?"

"பஞ்ச் இருக்கா?"

"இல்லை."

"அப்போ கிடையாது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டார். அதற்கு வழி இருந்தது, எனக்கும் தெரியும். டைம் ஆபீசின் தவறால் பஞ்ச் அடிக்க முடியவில்லை, இந்த இரவுகளை வந்ததாகக் கொள்ளவும் என்று மானேஜருக்கு நான் ஒரு வரி எழுதினால் போதும், அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். டைம் ஆபீசின் தவறு. அந்தச் சொற்களை எழுதினால், என்ன தவறு, யார் செய்தது என்று பின்னாலேயே வரும். இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று மாதக் கணக்கு மூடும்வரை தள்ளிக்கொண்டே போனேன். மூடியாயிற்று.

ஏழாம் தேதி சம்பளம். கேட்டருகே மேஜை போட்டு, கேஷியர் பணத்தைக் கொடுக்க, பக்கத்தில் நான் ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்குவேன். நம்பர் சொல்லிக் கூப்பிடுவதும் நான். இருநூற்றுப் பதினாலு வந்தார். பணத்தை எண்ணினார். ரிஜிஸ்தரில் தன் வரிசையை விரலால் தடவிப் படித்தார். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"ஓவர்டைம் பன்னெண்டு, சரி" என்றார். "நைட்டுக்கு எம்புட்டு போட்டிருக்கு? ஆறு ராத்திரிக்குக் கொறையுதே."

"நீங்க சஸ்பென்ஷன்ல இருந்த ஆறு நாள். அந்த ராத்திரிக்கெல்லாம் அட்டையில பஞ்ச் இல்லை. வராத ராத்திரிக்கு அலவன்ஸ் கிடையாது. ரூல்."

"நான் வந்தேம்லா. வாட்ச்மேன்ட்ட கேளுங்க, செவ்வாக்கெழம ராத்திரி பத்தே முக்காலுக்கு வந்து நின்னேன். உள்ள விடல."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கேஷியர் என்னைப் பார்த்தார். சற்றுத் தள்ளி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த புதியவர் கையை நிறுத்திவிட்டார். மூன்று ரூபாய். என் சட்டைப் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதற்கும் காரணம் சொல்ல வேண்டுமே.

அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். தமிழில், முழுப் பெயரும், நிதானமாக. போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வரக்கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். வரலன்னு கழிக்கதும் நீங்கதான்."

நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.